அட்வான்ஸ் கரையும், பிடித்தம் சேரும்: வீடு புதுப்பிக்கும் வேலையில் கட்டம் கட்டமாகப் பில் போடும் முறை

ஒரு சிறிய கட்டட ஒப்பந்தக்காரரிடம் பில் எழுதும் வேலையில் நான் பல வருடங்கள் இருந்தேன். அங்கே அடிக்கடி காதில் விழுந்த சண்டை இது. வீட்டுக்காரர் சொல்வார்: "ஆரம்பத்திலேயே ரெண்டு லட்சம் கொடுத்தேனே, அது எங்கே போச்சு?" ஒப்பந்தக்காரர் சொல்வார்: "அது அட்வான்ஸ் சார், கணக்கிலதான் இருக்கு. இப்ப இந்தக் கட்டத்துக்கு உள்ளதைக் கொடுங்க." இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அட்வான்ஸ் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேலை பாதியில் நின்றுபோன வீடுகள் பலவற்றில் பிரச்சினை தொடங்கியது இந்த ஒரு சொல்லில்தான் என்பதைப் பில் கட்டுகளைப் புரட்டியபோது பார்த்தேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

## இரண்டு விதமான அட்வான்ஸ்

நம் ஊரில் அட்வான்ஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாடகை வீட்டு அட்வான்ஸ். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்துவிட்டுக் குடிபோகிறோம். மாத வாடகை தனியாகப் போய்க்கொண்டே இருக்கும். அட்வான்ஸைத் தொடுவதில்லை. காலி செய்யும்போது வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்து, உடைந்த சுவிட்சுக்கும் கறை படிந்த சுவருக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். அதாவது அது ஒரு பாதுகாப்புத் தொகை. கடைசிவரை அசையாமல் இருப்பதுதான் அதன் வேலை.

இன்னொரு அட்வான்ஸும் உண்டு. கடையில் வேலை செய்யும் பையன் தீபாவளிக்கு முன்னால் முதலாளியிடம் பத்தாயிரம் முன்பணம் வாங்குகிறான். அடுத்த ஐந்து மாதமும் சம்பளத்தில் இரண்டாயிரம் பிடிக்கிறார்கள். ஐந்தாவது மாதம் கடன் தீர்ந்துவிடும். இந்த அட்வான்ஸ் உட்கார்ந்திருக்காது, மாதாமாதம் கரையும்.

வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் முதலில் கொடுக்கும் அட்வான்ஸ் இந்த இரண்டாவது வகை. சிமெண்ட், மணல், கம்பி வாங்கவும், ஆட்களை இறக்கவும், சாரம் கட்டவும் ஒப்பந்தக்காரருக்குக் கையில் காசு வேண்டும். இன்னும் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே கொடுத்த பணம் அது. வேலை நடக்க நடக்க, ஒவ்வொரு பில்லிலும் அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அப்படிக் கழிப்பதற்கு அட்வான்ஸ் கழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வாடகை அட்வான்ஸ் மாதிரி அசையாமல் கிடக்கும் தொகையும் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் வேறு, அது சேரும் விதமும் வேறு. ஒவ்வொரு பில்லிலும் வீட்டுக்காரர் ஒரு சிறு பகுதியைக் கொடுக்காமல் தன்னிடமே நிறுத்தி வைக்கிறார். வேலை முடிந்து, குறை எதுவும் தலைகாட்டவில்லை என்று தெரிந்த பிறகு கொடுக்கிறார். இதைத்தான் ரிடென்ஷன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பிடித்தம் என்று சொல்கிறேன்.

ஆக, அட்வான்ஸ் வீட்டுக்காரரின் பணம், ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. பிடித்தம் ஒப்பந்தக்காரரின் பணம், வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. முன்னது பில்லுக்குப் பில் குறைந்துகொண்டே வரும், பின்னது கூடிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தால் மீதி எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்.

## ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

கும்பகோணம் பக்கம் ஒரு நாற்பது வருடத்து மாடிவீடு என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடி ஒழுகுகிறது, குளியலறைகள் பழசு, ஒயரிங் அதைவிடப் பழசு. வேலை மொத்தம் 10 லட்ச ரூபாய்க்குப் பேசியாகிறது. வரியைக் கடைசியில் பார்க்கலாம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் 20 சதவீதம், அதாவது 2 லட்சம். பிடித்தம் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம். பொங்கல் முடிந்து வேலை தொடங்கி மே மாதக் கடைசியில் முடிய வேண்டும்.

வேலையை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். இடிப்பு, பழைய தளம் பெயர்ப்பு, குப்பை அகற்றல் 1,50,000. மொட்டை மாடி நீர்க்காப்பு, சுவர்ப் பூச்சு 3,00,000. ஒயரிங், பிளம்பிங், குளியலறைகள் 3,00,000. தரை டைல்ஸ், கதவு ஜன்னல் பழுது 1,50,000. பெயின்ட், கடைசிச் சில்லறை வேலைகள் 1,00,000. கூட்டினால் 10 லட்சம்.

இந்தப் பிரிப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் தொகையும் அந்தக் கட்டத்துக்கு உண்மையில் ஆகும் செலவை ஒட்டி இருக்க வேண்டும். சிலர் இடிப்புக்கே மூன்று லட்சம் போட்டுவிட்டுப் பெயின்டுக்கு இருபதாயிரம் போடுவார்கள். மொத்தம் அதே பத்து லட்சம்தான், ஆனால் பணம் எல்லாம் முன்னாலேயே போய்விடும். கடைசிக் கட்டத்துக்கு வரும்போது, அந்த இருபதாயிரத்துக்காக ஆள் அனுப்ப ஒப்பந்தக்காரருக்கே மனசு வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பட்டியலைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும்.

## "முடிந்தது" என்றால் என்ன?

கட்டம் முடிந்தால் பணம் என்று எழுதிவிடுவது சுலபம். முடிந்ததா என்று யார், எப்படிச் சொல்வது? "பிளம்பிங் முடிந்தது" என்று மட்டும் இருந்தால் குழாய் பதித்த அன்றே ஒப்பந்தக்காரர் பில் கொடுப்பார். தண்ணீர் வந்தால்தான் முடிந்ததாக அர்த்தம் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அதனால் கட்டத்தின் முடிவைக் கண்ணால் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும். குளியலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், நீர்க்காப்புப் பூசிய தளத்தில் வடிகால் வாயை அடைத்துவிட்டுத் தண்ணீர் தேக்குவார்கள். நீர் மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்கள். இரண்டு நாள் கழித்து வந்து பார்ப்பார்கள். வெயிலில் ஆவியாகிற அளவுக்கு மட்டும் லேசாக இறங்கியிருந்தால் சரி. கோட்டுக்குக் கீழே விரற்கடை அளவு இறங்கியிருந்தாலோ, கீழ்த்தள அறையின் கூரையில் ஈரம் படர்ந்திருந்தாலோ வேலை முடியவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு இந்தக் கசிவைக் கண்டுபிடித்தால் டைல்ஸையே உடைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே மூன்றாம் கட்டத்துக்கு நேராக, "குளியலறைத் தளத்தில் 48 மணி நேரம் நீர் தேக்கிக் கசிவில்லை என்று இருவரும் பார்த்தபின்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அப்புறம் பில் வரும்போது வாதம் இருக்காது. அந்தச் சாக்பீஸ் கோட்டைத் தேதியோடு ஒரு போட்டோ எடுத்துப் பில்லோடு சேர்த்து அனுப்பும் ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் சீக்கிரம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

## முதல் பில்

முதல் கட்டம் முடிந்தது. வேலையின் மதிப்பு 1,50,000. இதில் அட்வான்ஸ் கழிவு 20 சதவீதம், 30,000. பிடித்தம் 5 சதவீதம், 7,500. இரண்டையும் கழித்தால் இப்போது கொடுக்க வேண்டியது 1,12,500.

அட்வான்ஸ் கழிவும் ஏன் அதே 20 சதவீதம்? மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணமாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் கடைசிப் பில்லில் சரியாக 2 லட்சமும் தீர்ந்துவிடும். சில ஒப்பந்தங்களில் வீட்டுக்காரரின் பாதுகாப்புக்காக 25 சதவீதம் என்று சற்று வேகமாகக் கழிப்பார்கள். எட்டு லட்சம் வேலை முடியும்போதே அட்வான்ஸ் கணக்குத் தீரும். இரண்டுமே சரிதான். விகிதத்தை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். எழுதாவிட்டால் "கடைசியில் பாத்துக்கலாம்" என்ற பேச்சு வரும். அந்தக் கடைசி எப்போதும் சண்டையில்தான் வருகிறது.

பிடித்தத்தைக் கணக்கிடும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில். 1,50,000-இல் அட்வான்ஸ் கழிவு 30,000-ஐ முதலில் கழித்துவிட்டு, மீதி 1,20,000-க்கு 5 சதவீதம் போடுவார்கள். 6,000 வரும். தப்பு. பிடித்தம் என்பது செய்த வேலையின் தரத்துக்கான உத்தரவாதம். 1,50,000 ரூபாய் வேலை நடந்திருக்கிறது, அதனால் 1,50,000-க்குத்தான் பிடிக்க வேண்டும். முதலில் கொடுத்த அட்வான்ஸிலோ பிடித்தம் எதுவும் கிடையாது, ஏனென்றால் அப்போது வேலையே நடக்கவில்லை. இந்தத் தவறு ஐந்து பில்லிலும் தொடர்ந்தால் 50,000 இருக்க வேண்டிய பிடித்தம் 40,000 ஆகிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பில்லின் முதல் வரியில் எப்போதும் செய்த வேலையின் முழு மதிப்பு இருக்க வேண்டும். இரண்டு கழிவுகளும் அந்த முழு மதிப்பின் மேல்தான் வரும். கையில் கொடுக்கும் தொகை கடைசி வரி.

## மூன்றாம் பில்: மொத்தமாகக் காட்டிக் கழிப்பது

பொதுப்பணித் துறை வேலைகளில் எம்-புக் என்று ஒரு அளவுப் புத்தகம் இருக்கும். பில் போடும்போது இந்த மாதம் செய்ததை மட்டும் காட்டமாட்டார்கள். வேலை தொடங்கியதிலிருந்து இன்றுவரை செய்தது எவ்வளவு, அதில் முந்தைய பில்வரை வந்தது எவ்வளவு, ஆகவே இந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று காட்டுவார்கள். இப்படிப் போடுவதை தொடர் பில் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதற்கு ஆர்.ஏ. பில் என்று பெயர். வீட்டு வேலைக்கும் இதே முறையைப் பின்பற்றுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நம் வீட்டில் மூன்றாம் பில் இப்படி இருக்கும்:

இன்றுவரை செய்த வேலை: 7,50,000
முந்தைய பில்வரை: 4,50,000
இந்தப் பில்லின் மதிப்பு: 3,00,000
அட்வான்ஸ் கழிவு 20%: 60,000 (இன்றுவரை 1,50,000, இன்னும் கழிய வேண்டியது 50,000)
பிடித்தம் 5%: 15,000 (இன்றுவரை 37,500)
இப்போது தர வேண்டியது: 2,25,000

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள்தான் இந்தப் பில்லின் உயிர். அட்வான்ஸில் எவ்வளவு மிச்சம், பிடித்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் ஒவ்வொரு முறையும் கண்முன் இருக்கிறது. "அந்த ரெண்டு லட்சம் எங்கே போச்சு?" என்ற கேள்விக்குப் பில்லே பதில் சொல்லிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. இரண்டாம் பில்லில் பின்பக்கச் சுவர்ப் பூச்சு பாக்கி இருந்ததால், அந்தக் கட்டத்துக்கு 3,00,000-க்குப் பதில் 2,70,000 மட்டும் ஒப்புக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பில்லுக்குள் சுவரும் முடிந்துவிடுகிறது. மூன்றாம் பில்லில் "இன்றுவரை 7,50,000, முந்தைய பில்வரை 4,20,000" என்று எழுதினால் விட்டுப்போன 30,000 தானாகவே வந்து சேர்ந்துவிடும். தனியாக ஒரு துண்டுச் சீட்டு எழுதி, அது தொலைந்து, பிறகு நினைவிலிருந்து பேசவேண்டிய அவசியம் இல்லை.

## கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு வரி

பில் எத்தனையாவதாக இருந்தாலும் இந்தச் சமன்பாடு நிற்க வேண்டும்:

அட்வான்ஸையும் சேர்த்து இதுவரை கொடுத்த மொத்தப் பணம் = செய்த வேலை + இன்னும் கழியாத அட்வான்ஸ் − சேர்ந்த பிடித்தம்

மூன்றாம் பில்லுக்குப் பிறகு பார்ப்போம். கொடுத்த பணம்: அட்வான்ஸ் 2,00,000, பில்களுக்கு 1,12,500, 2,25,000, 2,25,000. மொத்தம் 7,62,500. மறுபக்கம்: 7,50,000-உடன் 50,000-ஐக் கூட்டி 37,500-ஐக் கழித்தால் 7,62,500. இரண்டும் ஒன்றே. பொருந்தாவிட்டால் எந்தப் பில்லிலோ ஒரு கழிவு விட்டுப்போயிருக்கிறது. அடுத்த காசோலை எழுதும் முன் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

இதே வரி இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சொல்கிறது. இன்றைக்கு வேலை நின்றால் யார் யாருக்குக் கடன்? மூன்றாம் பில் முடிந்த நிலையில் வீட்டுக்காரர், நடந்த வேலையைவிட 12,500 மட்டுமே கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அதுவே அட்வான்ஸைக் கழிக்காமல், பிடித்தமும் வைக்காமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் முழுத்தொகை கொடுத்திருந்தால்? அட்வான்ஸ் 2,00,000, கட்டங்களுக்கு 7,50,000. மொத்தம் 9,50,000 போய்விட்டது. வேலை 7,50,000-க்குத்தான் நடந்திருக்கிறது. இன்னும் 2,50,000 வேலை பாக்கி, வர வேண்டிய பணமோ 50,000 மட்டும். ஒப்பந்தக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் டைல்ஸ் கடைக்கும் பெயின்டருக்கும் அந்த ஐம்பதாயிரத்தில் கொடுக்க முடியாது. பழைய பணம் முந்தைய சரக்குகளுக்கும் இன்னொரு வீட்டு வேலைக்கும் போயிருக்கும். வேலை நிற்கும், போன் எடுக்கமாட்டார். ஏமாற்றுக்காரர் என்று தெருவே பேசும். கடைசிக் கட்டத்தில் நின்றுபோன வேலைகளின் பில்களை நான் சரிபார்த்தபோது, திட்டமிட்டு ஏமாற்றியதைவிட இப்படிக் கழிக்க மறந்ததைத்தான் அதிகம் கண்டேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

## வரி எங்கே வருகிறது?

இனி ஜிஎஸ்டி. முதலில் ஒன்று: சேவை செய்பவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாத மேஸ்திரி பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கக் கூடாது. வரி என்று ஒரு வரி இருந்தால் அவருடைய ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

நம் ஒப்பந்தக்காரர் பதிவு செய்தவர். பொருளும் ஆளும் சேர்த்து வீட்டைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் வரி, மத்திய வரி 9, மாநில வரி 9. பத்து லட்சத்துக்கு வரி 1,80,000.

பலருக்குத் தெரியாத செய்தி, அட்வான்ஸுக்கும் வரி உண்டு என்பது. பொருள் மட்டும் விற்பவர்களுக்கு அட்வான்ஸ் வாங்கும்போது வரி கட்ட வேண்டாம் என்று விலக்கு இருக்கிறது. புதுப்பிக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் சேவையாகக் கருதப்படுவதால் அந்த விலக்கு இதற்கு இல்லை. அதனால் 2,00,000 அட்வான்ஸோடு 36,000 வரியும் சேர்த்து 2,36,000 வாங்கி, அதற்கு ரெசிப்ட் வவுச்சர் என்ற ரசீதைக் கொடுக்க வேண்டும். இது பில் இல்லை. வேலை நடக்காததால் பில் போட இன்னும் எதுவும் இல்லை. பணம் வந்தது, அதற்கான வரி இவ்வளவு என்று சொல்லும் சீட்டு.

வரியை ஒரு முறை கட்டியாகிவிட்டதால் பில் போடும்போது அதே பணத்துக்கு மறுபடி கட்டக் கூடாது. மூன்றாம் பில்லுக்கே வருவோம். வேலை மதிப்பு 3,00,000, அதற்கு வரி 54,000. இதில் கழிக்கும் அட்வான்ஸ் 60,000-க்கு உரிய வரி 10,800 ஏற்கெனவே கட்டியது. மீதி 43,200. ஆக வீட்டுக்காரர் தர வேண்டியது 2,25,000-உடன் 43,200 சேர்த்து 2,68,200.

இதில் பிடித்தம் 15,000-க்கு என்ன ஆயிற்று என்று கவனித்தீர்களா? அதற்குரிய வரி 2,700-ஐயும் இப்போதே சேர்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறோம். சிலர் கையில் வரும் 2,25,000-க்கு மட்டும் 18 சதவீதம் போட்டு 40,500 என்று எழுதுவார்கள். பில்லில் வேலையின் மதிப்பை 3,00,000 என்று காட்டிவிட்டு வரியை மட்டும் குறைத்துப் போடுவது பிறகு கணக்குக் கேட்கும்போது சிக்கலாகும். நிறுத்தி வைத்தது பணத்தின் ஒரு பகுதியை. வேலையின் மதிப்பு குறையவில்லை. பரவலாக உள்ள வழக்கம், முழு மதிப்புக்கும் வரி போட்டு, பிடித்தத்தை வரிக்கு முந்தைய தொகையில் மட்டும் பிடிப்பது. இப்படிச் செய்தால் பிடித்தம் கடைசியில் வரும்போது புதிதாக வரி எதுவும் இராது. ஒப்பந்தத்திலேயே "பிடித்தம் வரி நீங்கலான தொகையில், வரி அந்தந்தப் பில்லோடு முழுமையாக" என்று எழுதிவிடுங்கள்.

தேதியிலும் ஒரு விதி உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் ஒப்பந்தத்தில், கட்டம் முடிந்தால் பணம் என்று இருந்தால், அந்தக் கட்டம் முடியும் நாளுக்குள் பில் போட வேண்டும். பணம் வந்த பிறகு பில் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது சரியில்லை. நீர் தேக்கிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு தேதி எழுதிவைப்பது இதற்கும் உதவும், கட்டம் என்றைக்கு முடிந்தது என்பதில் சந்தேகம் இருக்காது.

சுருக்கமாக, அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்கு வரி, பில்லில் முழு வேலைக்கும் வரி, அதிலிருந்து அட்வான்ஸுக்குக் கட்டியதைக் கழி. ஐந்து பில்லும் முடியும்போது வரி 36,000-உம் 1,44,000-உம் சேர்ந்து 1,80,000 வந்து நிற்கும்.

## கூடுதல் வேலை

"அப்படியே அந்தக் கொல்லைப்புறச் சுவரையும் பூசிடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லாத வேலையே கிடையாது. இதை ஏற்கெனவே உள்ள கட்டத்துக்குள் நுழைத்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. கூடுதல் வேலைக்குப் பில்லில் தனிப் பதிவு, தனித் தொகை, வாட்ஸ்அப்பிலாவது ஒரு ஒப்புதல் இருக்க வேண்டும். அதற்கு அட்வான்ஸ் வாங்காததால் அட்வான்ஸ் கழிவு கிடையாது. பிடித்தம் உண்டு, அதுவும் செய்த வேலைதானே.

## பிடித்தம் திரும்பி வரும் நாள்

மே கடைசியில் வேலை முடிகிறது. நான்காம் பில்லில் 1,12,500, ஐந்தாம் பில்லில் 75,000 வரி நீங்கலாகக் கொடுத்தாகிவிட்டது. அட்வான்ஸ் முழுதும் கரைந்துவிட்டது. பிடித்தம் 50,000 சேர்ந்திருக்கிறது. வழக்கமாக இதில் பாதியை வேலை முடிந்து இருவரும் சுற்றிப் பார்த்ததும் கொடுப்பார்கள், மீதிப் பாதியைக் குறை தீர்க்கும் காலம் முடிந்ததும் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்குள் வேலையில் வரும் குறைகளை ஒப்பந்தக்காரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

இந்தக் காலத்தைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாதம் என்று எழுதுகிறார்கள். மே கடைசியில் முடிந்த வேலைக்கு ஆறு மாதம் என்றால் நவம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை பெய்யும். மொட்டை மாடி நீர்க்காப்புக்கு உண்மையான பரீட்சை அந்த மழைதான். பாதி மழையில் பிடித்தத்தைக் கொடுத்துவிட்டு, டிசம்பரில் படுக்கையறைக் கூரையில் ஈரம் பார்த்தால் அப்புறம் கெஞ்ச வேண்டியதுதான். அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு "டிசம்பர் 31" என்று தேதியாகவே எழுதுவதுதான் நம் பக்கத்துக்குப் பொருத்தம். அதுவே வேலை ஜனவரியில் முடிந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு முழு மழைக்காலத்துக்காகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் தேவைப்படும். அத்தனை நாள் 25,000 ரூபாய் மாட்டிக்கொள்வது ஒப்பந்தக்காரருக்குக் கஷ்டம். அப்போது நீர்க்காப்பு வேலைக்கு உரிய பிடித்தத்தை மட்டும் மழைவரை வைத்துக்கொண்டு மற்றதை முன்பே விடுவிக்கலாம்.

ஒப்பந்தக்காரர் பக்கத்தில் வழக்கமான இழப்பு, இந்த இரண்டாம் பாதியைக் கேட்க மறப்பது. அதற்குள் வேறு மூன்று வீட்டு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். பில் புத்தகத்தில் அந்த வீட்டுப் பக்கம் மூடியாகிவிட்டது. ஒரு வேலையில் எழுபதாயிரம் பிடித்தம் இரண்டு வருடம் யாரும் கேட்காமல் கிடந்ததை நானே கண்டுபிடித்தேன். வீட்டுக்காரரும் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, யாராவது கேட்டால்தானே. அதன்பிறகு வீடு வாரியாகப் பிடித்தத்துக்கு என்று ஒரு தனிப் பக்கம் வைத்தேன். எவ்வளவு சேர்ந்தது, பாதி எந்தத் தேதியில் வந்தது, மீதி எந்தத் தேதியில் வர வேண்டும்.

கேட்கும்போது புதுப் பில் போட வேண்டாம், வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் ஒரு கடிதம் போதும். ஐந்து பில்களின் எண், தேதி, ஒவ்வொன்றிலும் பிடித்தது எவ்வளவு: 7,500, 15,000, 15,000, 7,500, 5,000. மொத்தம் 50,000. மே மாதம் பெற்றது 25,000. பெற வேண்டியது 25,000. அந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன், டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் நேரில் போய் வீட்டுக்காரரோடு மாடிக்கு ஏறி, பாரபெட் சுவர் ஓரத்தையும் மழைநீர்க் குழாய் வாயையும் பார்த்து, கீழே இறங்கி ஒவ்வொரு அறையின் கூரையையும் பார்த்துவிட வேண்டும். குளியலறைக் குழாய்ப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் இணைப்பில் பூச்சு உதிர்ந்திருந்தால், அடுத்த நாளே ஆளை அனுப்பி அடைத்துவிடலாம், அரைமணி நேர வேலை. கடிதத்தை அதற்கு மறுநாள் கொடுக்கலாம்.